கழித்துவிட்டு வரைவதா, வரைந்துவிட்டுக் கழிப்பதா?

மே மாதம் எடுத்த போர்வெல் நீர்மட்ட அளவுகள் ஒரு பக்கம், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் எடுத்தவை இன்னொரு பக்கம். மழையால் எந்த இடத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று வரைபடம் வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியில், ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக இன்டர்போலேஷன் செய்து இரண்டு ஆழப் பரப்புகளை உருவாக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறோம்:

```
gdal_calc.py -A may.tif -B jan.tif --calc="A-B" --outfile=rise.tif
```

ஆழம் தரையிலிருந்து அளக்கப்படுவதால், விடை நேர்மறையாக இருந்தால் நீர் ஏறியிருக்கிறது. இரண்டாம் வழியில் கழித்தல் கிணற்றிலேயே முடிந்துவிடும். ஒவ்வொரு போர்வெல்லின் மே அளவிலிருந்து ஜனவரி அளவைக் கழித்து, அந்த வித்தியாசத்தை மட்டும் இன்டர்போலேஷன் செய்கிறோம்.

இரண்டு மாதமும் அதே கிணறுகள், IDW முறை, அதே அமைப்புகள் என்றால் இரண்டு வழியும் ஒரே வரைபடத்தைத்தான் தரும். IDW-இல் ஒரு கிணற்றின் எடை அது இருக்கும் தூரத்தைப் பொறுத்தது, நீர் ஆழத்தைப் பொறுத்ததல்ல. எடைகள் மாறாவிட்டால் எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றுதான்.

ஆனால் களத்தில் அதே கிணறுகள் இரண்டு மாதமும் கிடைப்பதில்லை. மே மாதம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது நீர் அளவு டேப்புக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை நிலம். அங்கே ஏரிப் பாசனப் பள்ளத்தில் இருக்கும் போர்வெல்லுக்கும் மேட்டில் இருப்பதற்கும் ஆழத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஒரு மேட்டுக் கிணறு பட்டியலிலிருந்து விழுந்தால் பரப்பே தூக்கியடிக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு புள்ளியிலிருந்து அ, ஆ இரண்டும் 1 கி.மீ., இ 2 கி.மீ. தூரத்தில் இருக்கின்றன. IDW-இன் அடுக்குக்குறி 2, அதாவது எடை தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ். மே மாத ஆழம் அ-வில் 12 மீட்டர், இ-யில் 15. மேட்டிலுள்ள ஆ-வில் 30 மீட்டர் டேப் எட்டவில்லை, அதனால் கட்டம் காலி. ஜனவரியில் அ 8, ஆ 24, இ 9. அதாவது மூன்று கிணறுகளிலும் நீர் ஏறியிருக்கிறது.

முதல் வழியில் அந்தப் புள்ளியின் மே ஆழம், அ-வும் இ-யும் மட்டும் சேர்ந்து, 12.6 மீட்டர். ஜனவரியில் ஆ-வும் சேர்ந்துகொள்வதால் 15.2. கழித்தால் −2.6. மழைக்குப் பிறகு நீர் இறங்கியதாக வரைபடம் சொல்கிறது! இரண்டாம் வழியில் அ 4, இ 6, புள்ளியில் 4.4 மீட்டர் ஏற்றம். ஆ-வில் குறைந்தது 6 மீட்டர் ஏறியது நமக்குத் தெரியும் என்பதால் அதையும் கீழ்வரம்பாகச் சேர்த்தால் 5.1 வரும். மே மாதக் காலிக் கட்டத்தை வெறுமனே தூக்கிப் போடாமல் "30-க்கும் கீழே" என்று குறித்து வைத்தால்தான் இது முடியும்.

இந்தக் கோளாறைப் பிடிப்பது சுலபம். IDW ஒரு சராசரி; அது கொடுத்த மதிப்புகளின் எல்லையைத் தாண்டாது. ஆக, இரண்டு மாதமும் அளந்த கிணறுகளின் மிகச் சிறிய, மிகப் பெரிய ஏற்றத்தைக் குறித்துக்கொண்டு, கழித்த பரப்பில் அந்த எல்லைக்கு வெளியே விழும் கட்டங்களுக்கு வேறு நிறம் கொடுங்கள். அவை ஒரே மாதம் மட்டும் அளந்த கிணறுகளைச் சுற்றி வட்டமாகக் கூடியிருந்தால், அது நீரின் மாற்றமல்ல, பட்டியலின் மாற்றம்.

கிரிகிங் செய்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. கிணறுகள் மாறாவிட்டாலும் மே-க்கு ஒரு வேரியோகிராம், ஜனவரிக்கு ஒன்று என்று பொருத்தினால் எடைகள் மாறி, அந்த மாற்றமும் வித்தியாசத்தில் கலந்துவிடும். பிழை வரைபடமும் கைக்கு வராது: இரண்டு மாதப் பிழைகளும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் பிழை வேரியன்ஸ்களை அப்படியே கூட்டினால் பெரும்பாலும் மிகையாகிவிடும். வித்தியாசத்தையே கிரிகிங் செய்தால் அதற்கே உரிய பிழைப் பரப்பு நேராகக் கிடைக்கும். மேடு பள்ளத்தால் வரும் நிரந்தர வேறுபாடும் கிணற்றிலேயே பெருமளவு கழிந்துவிடும்.

அப்படியானால் முதல் வழியே வேண்டாமா? இரண்டு மாதமும் அளந்த ஜோடிகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்து, ஒரு மாதம் மட்டும் அளந்த கிணறுகள் ஏராளமாக இருந்தால் இரண்டாம் வழி பாதித் தரவை வீணாக்கும். அப்போது நான் ஜனவரிப் பரப்பை எல்லாக் கிணறுகளையும் வைத்து வரைவேன், ஜோடிகளிலிருந்து ஏற்றப் பரப்பைத் தனியாக வரைவேன், மே ஆழம் தேவையென்றால் இரண்டையும் கூட்டிக்கொள்வேன். சமவெளி வண்டலில், கிணறுகள் நெருக்கமாக இருந்தால், பரப்புகளை நேராகக் கழித்தாலும் பெரிய சேதமில்லை.

பாறைப் பகுதியில் சேதம் நீர் இருப்புக் கணக்கில் தெரியும். ஏற்றத்தைப் பரப்பளவாலும் நீர் விடுதிறனாலும் பெருக்கித்தான் மழையால் ஊறிய நீரைக் கணிக்கிறார்கள். களிமண் கலந்த சிதைந்த கிரானைட்டுக்கு நீர் விடுதிறன் 1.5 சதவீதம் என்று வைத்தால், 100 சதுர கி.மீ.க்கு ஒரு மீட்டர் பிழை 15 லட்சம் கன மீட்டர் இல்லாத நீராகவோ காணாமல் போன நீராகவோ கணக்கில் ஏறும்.