ஸ்போக் வீலை டியூப்லெஸ் ஆக்கித் தருகிறோம் என்பவரிடம் வண்டியை விடுமுன் படிக்கவும்

கம்பி வீல் வண்டியில் டியூபைக் கழற்றிவிட்டு, ஸ்போக் ஓட்டைகளை அடைத்து டியூப்லெஸ் டயர் போட்டுத் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். அங்கே என்ன செய்து அனுப்பினார்கள் என்பது வேறொரு மெக்கானிக் டயரைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. கடை பெயர் வேண்டாம். அந்த வேலை எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

வண்டியைக் கொடுக்கும்போது என் கண்முன்னே சோப்புத் தண்ணி தெளித்துக் காட்டினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு பின் சக்கரத்தில் மெல்ல மெல்லக் காற்று இறங்க ஆரம்பித்தது. கேட்டால் "டயர் செட் ஆகணும் சார், ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். நாளாக ஆக இறக்கம் அதிகமானதே தவிர சரியாகவில்லை.

டயரைப் பிரித்ததும் உள்ளே பஞ்சர் சீலண்ட் திரவம் குளமாக நின்றது. சோப்புத் தண்ணி சோதனையில் ஜெயித்த ரகசியம் அதுதான். கசிகிற இடத்தில் அந்தத் திரவம் போய்த் தற்காலிகமாக அடைத்துக்கொள்ளும், அசல் அடைப்பு எவ்வளவு மட்டமாக இருந்தாலும் வெளியே தெரியாது. அதைத் துடைத்துவிட்டு, ரிம் பள்ளத்தில் பூசியிருந்த சிலிகானின் ஒரு நுனியை மெக்கானிக் நகத்தால் நெம்பினார். முழு வட்டமும் ஒரே நாடாவாக உரிந்து வந்தது. அதன் அடிப்பக்கம், ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் நிப்பிள்களின் தலை அச்சு வரிசையாகப் பதிந்திருந்தது, கூடவே பழைய துருத்தூளும் ஒட்டியிருந்தது. உப்புத்தாள் போடவில்லை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவில்லை, துரு மேலேயே பூசியிருக்கிறார்கள்.

பூசியதும் கண்ணாடி, குளியலறை ஓரங்களுக்குப் போடும் சாதாரண சிலிகான். உலரும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை. அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். சில நிப்பிள்களைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இன்னொரு வம்பு, சிலிகான் படிந்த இடத்தில் வேறு எந்த சீலண்டும் ஒழுங்காக ஒட்டாது. புது வேலையைவிட அதைச் சுரண்டி எடுக்கத்தான் அந்த மனிதருக்கு அதிக நேரம் பிடித்தது.

அடுத்தது ஸ்போக். சக்கரம் சுற்றும்போது தரையை நோக்கி வரும் கம்பிகள் பாரத்தில் கொஞ்சம் தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகும். ஒவ்வொரு சுற்றிலும் நிப்பிள் மயிரிழை அசையும். அதனால்தான் கோட்டம் எடுத்து, எல்லா ஸ்போக்கையும் சமமாக இறுக்கிய பிறகே அடைக்க வேண்டும். அடைத்த பிறகு நிப்பிளைத் திருப்பினால் சீல் கிழியும். என் சக்கரத்தில் லூசான கம்பிகள் அப்படியே இருந்தன. தட்டிப் பார்த்தால் ஒன்று 'டிங்', பக்கத்தது 'டொக்'.

இதெல்லாம் கசிவோடு போகிற விஷயம். எனக்குக் கோபம் வந்தது முன் சக்கரத்தைப் பார்த்துத்தான். டியூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம்மில், டயரின் விளிம்பு உட்காரும் இடத்துக்கு உட்புறமாகச் சுற்றிலும் ஒரு சின்ன மேடு இருக்கும். விரலை ஓட்டினாலே தட்டுப்படும். காற்று குறைந்தாலும் விளிம்பு நடுப்பள்ளத்துக்குள் சரியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ரிம்மில் அளவோடு 'MT' என்று குத்தியிருந்தால் பெரும்பாலும் இந்த மேடு உண்டு; 'WM' என்றிருந்தால் பொதுவாக இருக்காது. என் பின் ரிம் MT, முன் ரிம் WM. மேடு இல்லாத ரிம்மில் எவ்வளவு அருமையாக ஓட்டையை அடைத்தாலும் பயனில்லை. காற்று குறைந்த நிலையில் ஒரு வளைவிலோ குழியிலோ விளிம்பு நழுவினால், மிச்சக் காற்றும் ஒரே நொடியில் போய்விடும். அதுவும் முன் சக்கரத்தில்! கடையில் இதைச் சொன்னபோது வந்த பதில்: "முன்னாடி காத்து நிக்குதுல்ல, அப்புறம் என்ன?" பணமும் திரும்ப வரவில்லை.

பின் சக்கரத்தை இரண்டாவது மெக்கானிக் செய்த விதம் இது. முதலில் கோட்டம். பிறகு வெறும் உலோகம் தெரியும்வரை சுத்தம், கடைசியாக ஆல்கஹாலால் துடைப்பு. ஒவ்வொரு நிப்பிள் தலைமீதும் தனித்தனியாக, காய்ந்தாலும் ரப்பர் போல வளைந்து கொடுக்கும் பாலியூரிதேன் சீலண்ட். அது காய சீலண்ட் டியூபின்மேல் அச்சிட்டிருக்கும் நேரம் முழுவதும் காத்திருந்தார், ஹீட்டரைக் காட்டி அவசரப்படுத்தவில்லை. அதன்மேல் பள்ளம் முழுக்க அகலமான அக்ரிலிக் சீலிங் டேப், குமிழி இல்லாமல் அழுத்தி. டியூப்லெஸ் வால்வு, நட்டு போட்டு இறுக்கும் உலோக வகை. சீலண்ட் திரவம் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. காற்றடித்து அளவு குறித்து, ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்து மறுபடி அளந்த பிறகுதான் வண்டியில் மாட்டினார்.

முன் சக்கரத்தை அவர் தொடவே மறுத்துவிட்டார், "MT ரிம் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று. இப்போதைக்கு அதில் பழையபடி டியூப்தான் ஓடுகிறது.