உப்பு நீரா, வெறும் நீரா: உருளைக்கிழங்குத் துண்டு எதில் கனக்கும்?

தோல் சீவிய கிழங்கில் 5 செ.மீ. நீளம், 1 செ.மீ. தடிமனில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்று வெறும் நீரில். மற்றொன்று 100 மி.லி. நீரில் 10 கிராம் உப்பு கரைத்த கரைசலில்.

முதலில் மாணவர்களின் கணிப்பை எழுதி வாங்குங்கள். "உப்பு உள்ளே போகும், எடை கூடும்" என்றே பலர் எழுதுவார்கள். இடம்பெயர்வது பெரும்பாலும் நீர்தான் என்பதை அளவுகளே சொல்லட்டும்.

இரண்டு மணி நேரத்தில் வழக்கமாகக் கிடைப்பது இது: வெறும் நீரில் 5.4 கிராம் துண்டு ஏறத்தாழ 5.8 ஆகிறது, வளைத்தால் சட்டென்று ஒடிகிறது. உப்பு நீரில் அதே எடைத் துண்டு 4.6 அளவுக்கு இறங்குகிறது. ஒடியாமல் ரப்பராக வளைகிறது.

ஏற்றத்தைவிட இறக்கம் ஏன் அதிகம்? நீர் புகப் புக செல்சுவர் எதிர்த்து அழுத்தி, வரவை நிறுத்திவிடுகிறது. வெளியேறும் நீருக்கு அப்படித் தடையில்லை.

நீள மாற்றம் ஓரிரு மில்லிமீட்டர்தான், எடையையே நம்புங்கள். நிறுக்கும் முன் இரண்டையும் ஒரேபோல் ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் உப்பு நீர்த் துண்டின் இழப்பு குறைவாகத் தெரியும்.