மசாலா, தானியம் காய வைக்கற கேபினட்: வெறும் தெர்மோஸ்டாட் போதுமா, ஈரப்பத கன்ட்ரோல் வேணுமா?

மூணு டைப்பையும் ஓட்டிப் பாத்தாச்சு. முதல்ல வாங்கினது சாதா மாடல், ஃபேன், ஹீட்டர், தெர்மோஸ்டாட், பின்னாடி எப்பவும் திறந்தே இருக்கற ஒரு ஓட்டை, அவ்ளோதான். ரெண்டாவது, உள்ள ஒரு ஈரப்பத சென்சார் இருந்து அது சொன்னா மட்டும் மூடி திறந்து ஈரக் காத்தை வெளிய தள்ற மாடல். மூணாவது நண்பர் கிட்ட இருந்து ரெண்டு வாரம் கடன் வாங்கினது, வெளிக்காத்தே உள்ள வராது, மூடின பெட்டிக்குள்ளயே பெல்டியர்னு ஒரு குளிர் தகடு வச்சு தண்ணிய வடிச்சு எடுக்கும்னு சொல்லி விக்கறது.

சாதா மாடலை நிறைய பேர் மட்டமா பேசறாங்க, எனக்கு அப்படித் தோணல. ஹீட்டர் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சா அது ஏன் வேலை செய்யுதுன்னும் புரியும். ஹீட்டர் காத்துல இருக்கற தண்ணிய எடுக்கறதே இல்ல, காத்தை சூடாக்கி அதோட கொள்ளளவை பெருசாக்குது, அவ்ளோதான். வெளிய 30 டிகிரி, ஈரப்பதம் 85%னு வைங்க, அதே காத்தை 40 டிகிரிக்கு கொண்டு போனா ஈரப்பதம் 49% ஆகிடும், 45ல சுமார் 38%, 50ல 29%. தண்ணி ஒரு துளி கூட குறையல, ஆனா காத்து இப்ப தாகமா இருக்கு. இந்த நாலு நம்பரை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ வேணும்.

சாதா மாடலோட குறை கடைசி கட்டத்துலதான் தெரியும். ஒரு கிலோ பச்சையா இருக்கற சிவப்பு மிளகாய்ல 75% தண்ணின்னு வச்சா, காஞ்ச சரக்கு 250 கிராம்தான். 10% ஈரத்துல நிறுத்தணும்னா கடைசி எடை 278 கிராம் வரும், அதாவது 722 கிராம் தண்ணி ஆவியாகணும். அந்த தண்ணிய ஆவியாக்க மட்டும் குறைஞ்சது அரை யூனிட் கரண்ட். என் சாதா மாடல்ல இதுக்கு மூணு யூனிட் கிட்ட ஆச்சு. முதல் சில மணி நேரம் வெளிய போற காத்து நல்ல ஈரமா இருக்கும், அதுல வீணே இல்ல, ஆனா பிற்பாடு மிளகாய் மெதுவா விடற கொஞ்சூண்டு ஈரத்துக்காக முழு ஓட்டையும் திறந்து வச்சுக்கிட்டு சுடுகாத்தை வெளிய ஊதிக்கிட்டே இருக்கு. ஈரப்பத கன்ட்ரோல் மாடல் இந்த இடத்துலதான் ஜெயிக்குது, காத்து வறண்டுபோச்சுன்னு தெரிஞ்சா மூடிய அடைச்சுட்டு அதே காத்தையே சுத்த விடுது, ஹீட்டர் அணைஞ்சு அணைஞ்சு எரியும். அதே மிளகாய்க்கு இதுல ரெண்டு யூனிட்டுக்கு உள்ளயே முடிஞ்சது.

ஆனா இதுலயும் ஒரு பள்ளம் இருக்கு, நான் விழுந்துட்டேன். விடாம மழை பெய்ஞ்ச ஒரு ராத்திரி, மல்லி விதையோட வாசம் போயிடக்கூடாதுன்னு 40 டிகிரி, ஈரப்பதம் 40%னு செட் பண்ணிட்டு தூங்கிட்டேன். காலைல பாத்தா மூடி திறந்தபடியே இருக்கு, ஹீட்டர் அணையவே இல்ல, டிஸ்ப்ளேல 50. சென்சார் போச்சுன்னு நெனச்சு கம்பெனிக்கே போன் போட்டேன், அவங்களும் மாத்தித் தர்றோம்னாங்க (காரணத்தை அவங்களும் யோசிக்கல). அப்புறம்தான் மேல சொன்ன நம்பர் உறைச்சுச்சு, வெளிக்காத்து 85% இருக்கும்போது 40 டிகிரில அது 49க்கு கீழ இறங்கவே முடியாது, நான் நடக்காத ஒண்ணை கேட்டிருக்கேன், மெஷின் பாவம் ராத்திரி முழுக்க முயற்சி பண்ணிருக்கு. அடுத்த நாள் 45 டிகிரிக்கு ஏத்தினேன், மூடி ஒழுங்கா மூடித் திறந்துச்சு. அதனால வாங்கும்போது வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தனித்தனியா செட் பண்ண விடுற மாடலான்னு பாருங்க. வெளிய ஒரு சென்சார், உள்ள ஒரு சென்சார்னு ரெண்டு வச்சு ஒப்பிட்டு மூடிய இயக்கறது இன்னும் நல்லது, வெளிக்காத்தால பிரயோஜனம் இல்லன்னா திறக்கவே திறக்காது.

சென்சார் எங்க இருக்குன்னும் குனிஞ்சு பாருங்க. ஹீட்டர் பக்கத்துல இருந்தா அங்க காத்து சூடா இருக்கறதால ஈரப்பதம் கம்மியா காட்டும், மெஷின் வேலை முடிஞ்சதுன்னு நம்பிடும். காத்து எல்லா தட்டையும் தாண்டி வெளிய போற வழியில இருக்கணும். அதுமேல ஒரு சன்னமான வலை இருந்தா நல்லது, மிளகாய் தூசி படிஞ்சா ரீடிங் தள்ளாட ஆரம்பிக்கும்.

மூணாவது டைப் பத்தி சுருக்கமாவே சொல்றேன். மூடின பெட்டி, வாசம் வெளிய போகாது, வீடு பூரா மிளகாய் நெடி அடிக்காது, கேக்கவே நல்லாருக்கு. ஆனா பெல்டியர் தகடு காத்துல இருந்து தண்ணிய வடிக்கணும்னா பனி படியற அளவுக்கு குளிரணும். 45 டிகிரி, 20% காத்துல அது கிட்டத்தட்ட 17 டிகிரிக்கு கீழ போகணும், மறுபக்கமோ 50 டிகிரிக்கு மேல கொதிக்குது, அவ்ளோ வித்தியாசத்துல சின்ன தகடு மூச்சு வாங்கிடும். மிளகாய் பாதி காயற வரைக்கும் கீழ டப்பால தண்ணி சொட்டுச்சு, அப்புறம் நின்னுபோச்சு, கரண்ட் மட்டும் ஓடுச்சு. கம்ப்ரஸர் வச்ச ஹீட் பம்ப் மாடல்னா கதை வேற, அது நல்லா எடுக்கும், ஆனா அது பெருசு, கனம், சத்தமும் வரும்.

தானியத்துக்கு எல்லா மாடலும் ஒரே மாதிரி ஏமாத்துது. கோதுமை 5 கிலோ, 18%ல இருந்து 12%க்கு கொண்டு வர 340 கிராம் தண்ணிதான் போகணும், மிளகாயை விட ரொம்ப கம்மி, ஆனா அது மணிக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. மேல்தோல் சீக்கிரம் காஞ்சிடும், காத்து 20%ன்னு காட்டும், கன்ட்ரோலர் முடிஞ்சதுன்னு பீப் அடிக்கும், உள்ள இன்னும் ஈரம். அதனால ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு நாலு மணி நேரம் அணைச்சு வச்சா உள்ளிருக்கற ஈரம் மெதுவா வெளிய நகரும், அப்புறம் திரும்ப ஓட்டுங்க. இப்படி நேரம் பிரிச்சு ஓட்டற வசதி இருந்தா தானியம் காய வைக்கறவங்களுக்கு அதுதான் முக்கியம், இல்லன்னா ஒரு டைமர் பிளக் போதும். அரிசிய வேகமா காய வச்சா மணில விரிசல் விழும். விதைக்கு வைக்கறதா இருந்தா 43 டிகிரிக்கு மேல ஏத்தாதீங்க, முளைக்கும் திறன் போயிடும். தட்டுல ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு மேல கொட்டினா சின்ன ஃபேன் காத்து நடுவுல போகாது, மேல தடவிட்டு போயிடும்.

காஞ்சதான்னு கண்டுபிடிக்க நான் இப்ப டிஸ்ப்ளேவ நம்பறதில்ல. ஆறினதும் ஒரு இறுக்கமான கண்ணாடி ஜாடில முக்கால்வாசி போட்டு, சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒண்ணையும் உள்ள போட்டு மூடிடுவேன். மறுநாள் காலைல அது 60%க்கு கீழ காட்டினா எடுத்து வச்சுடலாம், 65% தாண்டுச்சுன்னா பூஞ்சை வர வாய்ப்பு இருக்கு, திரும்ப கேபினட்டுக்கு போகணும். தொட்டா முறுமுறுன்னு இருந்த மிளகாய் ஒரு தடவை இதுல 71 காட்டுச்சு, ஒண்ணை பிச்சுப் பாத்தா காம்புக்கிட்ட உள்ள பிசுபிசுப்பு.

என்னைக் கேட்டா, மழைக்காலம் நீளமா இருக்கற வீட்டுல, அடிக்கடி காய வைக்கறவங்களுக்கு மூடி திறந்து மூடற ரெண்டாவது டைப். வருஷத்துக்கு நாலஞ்சு தடவைன்னா சாதா மாடலே எடுத்து, பாதி காஞ்ச அப்புறம் பின் ஓட்டையில பாதிய அட்டை வச்சு நீங்களே மூடிக்கங்க, பாதி வேலை முடிஞ்சிடும். எதை எடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கடைல கேளுங்க, ஃபேன் நின்னுபோனா ஹீட்டரும் தானா நிக்குமா, தனியா வெப்ப ஃபியூஸ் இருக்கான்னு. அதுக்கு பதில் மழுப்பலா வந்தா அந்த மாடலை ராத்திரில ஓட விட்டுட்டு நான் தூங்க மாட்டேன்.