உரக்கடை பில்லைச் சாட்பாட்டிடம் காட்டினால்: மூன்று வழிகள், மூன்று விதமான பிழைகள்

டெல்டாவில் யூரியா, டிஏபி வாங்கினால் பிஓஎஸ் மெஷினிலிருந்து அச்சடித்த சீட்டு வந்துவிடுகிறது. ஆனால் ஜிங்க், பூச்சிமருந்து, வண்டி வாடகை, பழைய பாக்கி எல்லாம் சேர்ந்த முழுக் கணக்கு இன்னும் கையால் எழுதிய பில்லில்தான் இருக்கிறது. அதுவும் நம் கைக்கு வருவது பெரும்பாலும் கார்பன் நகல். சம்பா முடிந்து ஏக்கருக்கு என்ன செலவு என்று பார்க்க உட்காரும்போது இப்படி ஒரு கட்டு பில் முன்னால் கிடக்கும். ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாமல் படம் எடுத்துப் படிக்க வைக்க இன்று மூன்று வழிகள் உண்டு. போனிலேயே இருக்கும் எழுத்துப் பிரிக்கும் வசதி ஒன்று. சாட்பாட்டிடம் படத்தைக் கொடுத்து ஒரே கேள்வியில் பட்டியல் கேட்பது இரண்டாவது. அதே சாட்பாட்டிடம் பகுதி பகுதியாக வெட்டிக் கொடுத்து, கணக்கை நாமே போட்டுச் சரிபார்ப்பது மூன்றாவது.

மூன்றையும் ஒரே பில்லில் வைத்துப் பார்ப்போம். மன்னார்குடிப் பக்கத்து உரக்கடை பில் ஒன்று இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

யூரியா 6 மூ × 266.50 = 1599.00
டிஏபி 3 மூ × 1350 = 4050.00
ஜிங்க் 10 கி × 76 = 760.00
வண்டி வாடகை 350/-
ஆக 6759.00
ப.பாக்கி 2740.00
மொத்தம் 9499.00

இதில் 76-இல் உள்ள ஆறின் வால் கார்பனில் சரியாகப் பதியவில்லை. பார்த்தால் சுழியம் மாதிரி இருக்கிறது.

போன் வசதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அச்சு பில்லுக்கு நன்றாக வேலை செய்யும். தமிழ்க் கையெழுத்து என்றால் திணறும். 350/- என்பது 3501 ஆகும், ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவில் உள்ள கோடு ஓர் இலக்கமாக மாறும், “ப.பாக்கி” என்னவோ ஆகிவிடும். எரிச்சல்தான். ஆனாலும் பிழை முகத்திலேயே தெரிகிறது. வண்டி வாடகை மூவாயிரத்து ஐந்நூற்றொன்று என்றால் யாரும் நம்பப் போவதில்லை.

சாட்பாட்டின் பிழை அப்படித் தெரியாது. “இந்த பில்லைப் பட்டியலாக்கி மொத்தம் சொல்” என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் கோடு போட்ட, நேர்த்தியான பட்டியல் வரும். “ப.பாக்கி” பழைய பாக்கி என்று விரிந்திருக்கும், “மூ” மூட்டை ஆகியிருக்கும். ஜிங்க் வரிசையில் மட்டும் 10 × 70 = 700 என்று நிற்கும். கீழே 6699, 9439. பெருக்கிப் பார்த்தால் சரி, கூட்டிப் பார்த்தாலும் சரி. தாளில் உள்ளதோடுதான் ஒத்துப்போகாது.

இது ஏன் நடக்கிறது? பெரிய படத்தைச் சாட்பாட் பெரும்பாலும் சுருக்கிவிட்டு, சிறு சிறு சதுரங்களாகப் பிரித்துத்தான் உள்ளே எடுத்துக்கொள்கிறது. மங்கலான ஒரு வால் அந்தச் சுருக்கத்திலேயே போய்விடலாம். அப்புறம் அது பதிலை எழுதும்போது, படத்தில் கண்டதோடு அதுவரை தானே எழுதியதையும் சேர்த்துக்கொண்டுதான் அடுத்த எண்ணைத் தேர்கிறது. 10, 70 என்று எழுதி முடித்தபின் அடுத்து 700 வருவதே அதற்கு இயல்பு. தாளில் 760 தெளிவாக இருந்தாலும் அந்த இழுப்பு ஜெயித்துவிடலாம். கடைக்காரரே கூட்டலில் தவறியிருந்தால் அதையும் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்துவிடும். கடையில் போய்ச் சண்டை போட வேண்டிய நூறு ரூபாய் நம் கண்ணுக்கே வராது. அதனால் சாட்பாட் போட்ட பட்டியலை அதன் கூட்டலை வைத்தே சரிபார்ப்பது வீண்வேலை.

மூன்றாவது வழி இந்த இழுப்பை அறுக்கிறது. பகல் வெளிச்சத்தில், தாளை மடிப்பில்லாமல் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். தொகைப் பத்தியை மட்டும் தனியாக வெட்டிக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: “இதில் உள்ள எண்களை மேலிருந்து கீழாக, எழுதியிருப்பது போலவே எழுது. கூட்டாதே, பெருக்காதே, திருத்தாதே. தெளிவில்லாத இலக்கத்துக்கு ? போடு.” அளவும் விலையும் உள்ள பத்திகளை வேறொரு புதிய உரையாடலில் கொடுக்க வேண்டும். அதே உரையாடலில் கொடுத்தால் முன்பு படித்த தொகை அதன் முன்னாலேயே இருக்கும், விலையை அதற்கு ஏற்றபடி வளைக்கப் பார்க்கும். அளவு B-யிலும் விலை C-யிலும் தொகை D-யிலும் வரும்படி இரண்டையும் ஷீட்டில் ஒட்டிவிட்டு, பெருக்கலை நாம் போட வேண்டும். தலைப்பு முதல் வரிசையில் இருந்தால் ஜிங்க் நான்காவது வரிசையில் வரும்:

```
=B4*C4-D4
```

சுழியம் வந்தால் வரிசை சரி. விலை 70, தொகை 760 என்று வந்திருந்தால் இங்கே -60 எட்டிப் பார்க்கும். சரி, தொகையிலும் ஆறைச் சுழியமாகவே படித்துத் தொலைத்தால்? எழுதியது ஒரே கை, அதனால் அதுவும் நடக்கக்கூடியதே. அப்போது ஜிங்க் வரிசை தப்பித்துவிடும். ஆனால் கடைக்காரர் “ஆக” என்று எழுதிய 6759-ஐயும் அப்படியே படிக்கச் சொல்லியிருக்கிறோம். நம் கூட்டல் 6699. வித்தியாசம் 60.

அந்த 60-ஐச் சும்மா விடாதீர்கள், பிழை எங்கே என்று அதுவே காட்டும். வித்தியாசத்தில் சுழியமல்லாத இலக்கம் ஒன்றே ஒன்று இருந்தால், பெரும்பாலும் அந்த இடத்தில் ஓர் இலக்கம்தான் மாறியிருக்கும். இங்கே பத்தாமிடம், ஆறு வித்தியாசம். ஆறு வித்தியாசம் தரும் உருவக் குழப்பங்கள் 0-6, 1-7. பத்தாமிடத்தில் சுழியமோ ஒன்றோ உள்ள தொகையை மட்டும் தாளோடு ஒப்பிட்டால் போதும். வித்தியாசம் ஐந்து என்றால் 4-9, இரண்டு என்றால் 3-5. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் வேறு சோதனை. அரிசி மண்டியில் வெகுகாலம் கணக்கு எழுதிய பெரியவர் ஒருவர் சொல்வார்: “வித்தியாசத்த ஒம்போதால வகுத்துப் பாருங்க தம்பி, மீதி இல்லாம போச்சுன்னா எண்ணத் திருப்பி எழுதியிருக்கீங்க.” 2740-ஐ 2470 என்று படித்தால் வித்தியாசம் 270, ஒன்பதால் சரியாக வகுபடுகிறது. பாக்கி, வாடகை மாதிரி விலைப் பத்தியே இல்லாத வரிகளுக்கு இந்தக் கடைசிக் கூட்டல்தான் ஒரே காவல்.

பொருளின் பெயருக்கு அந்தக் காவலும் கிடையாது. பில்லில் “கார்” என்று சுருக்கி எழுதியிருந்தால் சாட்பாட் அதைக் கார்பன்டசிம் என்று விரிக்கலாம். வாங்கியது கார்ட்டாப்பாக இருக்கும். ஒன்று பூஞ்சாணக்கொல்லி, இன்னொன்று பூச்சிக்கொல்லி. தொகை சரியாகவே இருப்பதால் எந்தக் கூட்டலும் இதைப் பிடிக்காது. “சுருக்கத்தை விரிக்காதே” என்று சொல்லிவிட்டு, பெயரைக் காலி பாக்கெட்டைப் பார்த்து நாமே நிரப்புவதுதான் உத்தமம்.

வரைபடத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே கூட்டிப் பார்க்க எதுவும் இல்லை. மேட்டூர் அணையின் நீர்மட்டம் அடியில் இடப்பக்க அச்சிலும், இருப்பு டிஎம்சியில் வலப்பக்க அச்சிலும் போட்ட படங்கள் நம் ஊர் வாட்ஸாப் குழுக்களில் சுற்றும். எண் அச்சிடாத புள்ளியின் மதிப்பைக் கேட்டால் சாட்பாட் ஒரு மதிப்பீட்டைத்தான் சொல்கிறது, ஆனால் அளந்து பார்த்தது போல 104.3 என்று சொல்லும். இரண்டு அச்சையும் குழப்புவதும் உண்டு. அதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. அணையின் முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. “இருப்பு 104 டிஎம்சி” என்று வந்தால் அது அடி அச்சைப் பார்த்துச் சொன்னது, சந்தேகமே வேண்டாம். முதலில் ஒவ்வொரு அச்சிலும் மிகக் கீழ், மிக மேல் உள்ள எண்களையும் அலகையும், எந்த நிறக் கோடு எதற்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதிலேயே தவறினால் மேற்கொண்டு ஒரு மதிப்பும் கேட்காதீர்கள்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வரி உள்ள ஒற்றை பில்லுக்கு மூன்றாவது வழி தண்டம், கையால் தட்டுவதே வேகம். ஒரு போகத்து பில் கட்டு முழுவதும் என்றால் வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் ஆகும் நேரம் வசூலாகிவிடும். ஒரே கேள்வி வழியை, எந்தக் கடையில் எந்த மாதம் என்ன வாங்கினோம் என்று தோராயமாகத் தேட மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொகையைக் குத்தகைக் கணக்கிலோ கூட்டுறவுக் கடன் கணக்கிலோ ஏற்றக் கூடாது.