நாலு வருஷ அளவுகள் காணாமல் போன அன்று ஆப் கம்பெனி அனுப்பிய பதில்

மயிலாப்பூரில் ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். வாடிக்கையாளர் அளவுகளைக் குறித்து வைக்க ஒரு ஆப்பை நாலு வருஷமாகப் பயன்படுத்துகிறேன். பெயரைத் தட்டினால் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் வந்துவிடும். 600 பேருக்கு மேல் இருந்தார்கள். அளவு ஜாக்கெட் கொண்டுவர வேண்டாம், துணியை மட்டும் கொடுங்கள் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. இந்த நாலு வருஷத்தில் வேறு குறையே இல்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் திறந்தால் பட்டியல் காலி. ராத்திரி ஆப் தானாக அப்டேட் ஆகியிருந்தது. ஏதோ கோளாறு, சரியாகிவிடும் என்று நினைத்து அன்று வந்த நாலு பேரின் அளவை அதிலேயே ஏற்றிவிட்டேன். மதியமும் பழையது வராததால்தான் ஆப் கம்பெனிக்கு எழுதினேன். பக்கத்துக் கடைத் தம்பி, "அக்கா, ஆப்பை எடுத்துட்டுப் பழைய வெர்ஷன் போட்டுடலாம்" என்றான். நல்லவேளை, அவன் கை வைப்பதற்குள் பதில் வந்தது.

பதிலின் முதல் வரி இது: "வணக்கம் மேடம். இது எங்கள் தவறு. நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்." அடுத்த வரியிலேயே காரணம். புது வெர்ஷனில் அளவுகள் சேமிக்கும் கோப்பின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். பழைய கோப்பிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை சில போன்களில் நடக்கவில்லை. ஆப் புதுப் பெயரில் தேடி, கிடைக்காமல், காலியாக ஒன்றைத் தொடங்கிவிட்டது. அதாவது பழையது அழியவில்லை, ஆப்பின் கண்ணில் படவில்லை.

அதை நானே சோதித்துப் பார்க்கவும் வழி சொன்னார்கள். போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, சேமிப்பகப் பகுதியில் `User data` எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சில கேபிதான் இருந்தால் அழிந்துவிட்டது, எம்பி கணக்கில் இருந்தால் உள்ளே இருக்கிறது. எனக்கு 14 எம்பி காட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் கை நடுக்கம் நின்றது. அதே திரையில் `Clear storage` பட்டன் இருக்கும். அதைத் தொட்டால் எல்லாம் போய்விடும் என்று தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தார்கள்.

ஆப்பை நீக்கவே கூடாது என்றார்கள். நீக்கினால் அதன் உள்ளே இருக்கும் கோப்புகளும் சேர்ந்து போய்விடும். ஆண்ட்ராய்டில், இருப்பதை நீக்காமல் சாதாரணமாகப் பழைய வெர்ஷன் போட முடியாது. தம்பி சொன்ன யோசனை என் அளவுகளை நிஜமாகவே அழித்திருக்கும்.

எனக்குத் தெரியவே தெரியாத விஷயம் அடுத்தது. போனில் பேக்கப் போட்டிருந்தால், ஆண்ட்ராய்டு பெரும்பாலான ஆப்களின் தகவலை, ஒவ்வொன்றும் 25 எம்பிக்குள் இருந்தால், கூகுள் கணக்கில் நகல் எடுத்து வைக்கிறது. போன் சும்மா கிடந்து, வைஃபை இருக்கும்போது, சுமார் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இது நடக்கும். புது நகல் வந்தால் பழைய நகல் போய்விடும். பழைய கோப்பும் அந்த நகலில் சேருமா என்பது உறுதியில்லை, அதனால் முந்தைய நகலை அப்படியே காப்பாற்றி வைப்போம் என்றார்கள். அதற்காக பேக்கப்பை அணைக்கவும் கூடாதாம். சில போன்களில் அணைத்தால் ஏற்கெனவே இருக்கும் நகலும் அழிக்கப்படும். வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அன்று முதல் மகள் போனில்தான் அவர்களோடு பேசினேன்.

காலையில் ஏற்றிய நாலு பேரின் அளவைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளவும், இனி ஆப்பில் எதுவும் ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னார்கள். சரிசெய்யும்போது புதுக் கோப்பின் இடத்தில் பழையது வந்து உட்காரும், அந்த நாலும் தங்காது என்பதால்.

மூன்றாம் நாள் திருத்திய வெர்ஷன் வந்தது. பகலில், போனைக் கையில் வைத்துக்கொண்டு, வைஃபை போட்டு அப்டேட் செய்து, உடனே திறக்கச் சொன்னார்கள். பட்டியல் முழுதும் திரும்பி வந்தது. பத்துப் பேரை எடுத்து, கடையில் இருந்த அளவு ஜாக்கெட்டுகளோடு டேப் வைத்து ஒப்பிட்டேன். எல்லாம் சரி. நாலு பேரைக் காகிதத்திலிருந்து மறுபடி ஏற்றினேன். இதுவும் பலிக்காமல் போயிருந்தால் மட்டும், கடைசி வழியாக, ஆப்பை நீக்கித் திரும்பப் போட்டு கூகுள் நகலை வரவழைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதை முதலில் சொல்லாமல் கடைசியில் வைத்ததைப் பெரிய பொறுப்பாக நினைக்கிறேன்.

ஒரு குறை உண்டு. ஆப்பின் மெனுவில் பட்டியலை எக்செல் கோப்பாக எடுக்கும் வசதி முன்பே இருந்திருக்கிறது. நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது ஆப் அதை நினைவூட்டியிருக்கலாம். இதையும் எழுதினேன், அடுத்த வெர்ஷனில் வாராந்திர நினைவூட்டல் சேர்த்துவிட்டார்கள். இப்போது சனிக்கிழமை கடை சாத்தும் முன் கோப்பை எடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். ஆப்பை மாற்றவில்லை.