பெயரற்ற இரண்டு பொத்தான்களால் 12 மாதக் கட்டணத்தை இழந்தேன்

மூன்று நாள்களுக்கு முன், ஓர் இணையவழிப் பயிற்சித் தளத்தில் ஒரு மாதச் சந்தாவுக்குப் படிவம் நிரப்பப் போய், 12 மாதக் கட்டணத்தைப் பறிகொடுத்தேன். எனக்குப் பார்வை இல்லை. விசைப்பலகையும் என்விடிஏ திரைவாசிப்பானும் கொண்டே படிவங்களை நிரப்புகிறேன்.

சேர்வதற்கு முன்பே உதவிப் பிரிவில் விசாரித்தேன். "உங்களைப் போன்ற பலர் பயன்படுத்துகிறார்கள், சிரமமே இருக்காது" என்றார்கள். பெயர், மின்னஞ்சல், அட்டை எண் என ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் திரைவாசிப்பான் தெளிவாகச் சொன்னதால், அந்தச் சொல்லை முழுமையாக நம்பிவிட்டேன்.

சந்தாவைத் தேர்ந்தெடுக்க, அடுத்த ரேடியோ பொத்தானுக்குத் தாவும் R விசையை அழுத்தியதும், "ரேடியோ பொத்தான், தேர்வாகவில்லை" என்று மட்டும் கேட்டது. எதற்கான பொத்தான் என்று தெரியாமல் கீழ் அம்புக்குறியை அழுத்தினேன், "ஆண்டு" என்றது. பெரும்பாலான படிவங்களில் பொத்தானுக்குப் பிறகே அதற்குரிய சொல் வரும் என்பதால், முதல் பொத்தான் ஆண்டுச் சந்தா, அடுத்தது மாதச் சந்தா என்று கொண்டு, இரண்டாவதைத் தேர்ந்து பணம் செலுத்தினேன். இரசீதில் 12 மாதக் கட்டணம் இருந்தது.

பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது.

```
மாதம் <input type="radio" name="plan" value="m">
ஆண்டு <input type="radio" name="plan" value="y">
```

சொல் முன்னே, பொத்தான் பின்னே. கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வரியில் தெரியும். எனக்கோ R விசை "மாதம்" என்ற சொல்லைத் தாண்டி நேரே பொத்தானுக்குக் கொண்டுபோய்விட்டது. ஒவ்வொரு சொல்லையும் அதன் பொத்தானையும் ஒரே `<label>` குறிக்குள் வைத்திருந்தால், பொத்தானுக்குச் சென்றதுமே அதன் பெயர் ஒலித்திருக்கும். அந்தச் சிறு வேலையைச் செய்யாததற்கு நான் 12 மாதக் கட்டணம் கொடுத்திருக்கிறேன். பணம் போகும் படிவத்தில் திரும்பப் பெறவோ, பிழையைச் சரிபார்த்துத் திருத்தவோ, இறுதியாக உறுதிசெய்யவோ ஒரு வழியாவது வேண்டும் என்று இணைய அணுகல்தன்மைக்கான WCAG நெறிமுறையின் 3.3.4 ஆம் விதி கேட்கிறது. இங்கே மூன்றில் ஒன்றுகூட இல்லை.

முறையிட்டபோது, "நீங்களேதான் ஆண்டுச் சந்தாவைத் தேர்ந்தெடுத்தீர்கள்" என்றது முதல் பதில். பிழை தெரியும் இடத்தை வட்டமிட்டுத் திரைப்பிடிப்பு அனுப்பச் சொன்னது இரண்டாவது. பார்வையற்றவன் என்று எழுதிய கடிதத்துக்கே அந்தப் பதில் வந்தது. "அடுத்த முறை யாரையாவது அருகில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பது மூன்றாவது. என் சந்தாவை நானே தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு இதுதானா மரியாதை?

பெயர் சொல்லாத பொத்தானைக் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். மேல் அம்புக்குறியால் பின்னோக்கிச் சென்று, தலைப்பிலிருந்து வரிவரியாகக் கேளுங்கள். அப்போதும் ஐயம் இருந்தால் பணம் செலுத்தாதீர்கள். 12 மாதக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு நேற்று நான் அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.