இரண்டு பேட்ச், ஒரே ஸ்கிரீன்ஷாட்: பாக்ஸ் பிளாட்டோடு சில வருடங்கள்

பத்தாம் வகுப்புக்கு மாலையில் கணக்குச் சிறப்பு வகுப்பு எடுக்கிறோம். இரண்டு பேட்ச், ஒவ்வொன்றிலும் பதினோரு பிள்ளைகள். ஒவ்வொரு தேர்வுக்கும் பிறகு இரண்டு பேட்ச் மதிப்பெண்களையும், அவற்றின் பரவலைப் பெட்டியாகக் காட்டும் பாக்ஸ் பிளாட்டாகப் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது சில வருடங்களாகவே எங்கள் வழக்கம். முன்பெல்லாம் சராசரியை மட்டும் போட்டுவிட்டு எந்த பேட்ச் உசத்தி என்று வாதாடிக்கொண்டிருப்போம். அந்த வாதம் இப்போது பெரும்பாலும் இல்லை. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி முடிவெடுக்கலாமா என்றால், சிலதுக்கு எடுக்கலாம், சிலதுக்குக் கூடவே கூடாது.

ஒரு தேர்வின் கணக்கையே வைத்துப் பேசுகிறேன். பிள்ளைகளை அடையாளம் தெரியாதபடி எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதல் பேட்ச்: 38, 52, 55, 58, 60, 62, 64, 66, 69, 72, 78.
இரண்டாம் பேட்ச்: 31, 40, 45, 49, 54, 66, 77, 80, 84, 88, 93.

எக்செல்லில் போட்டால் முதல் பேட்சின் பெட்டி 55-இல் தொடங்கி 69-இல் முடிகிறது, நடுக்கோடு 62. இரண்டாவதன் பெட்டி 45 முதல் 84 வரை, நடுக்கோடு 66. அதாவது வரிசையில் நடுவே நிற்கும் பிள்ளையின் மதிப்பெண்ணான இடைநிலையில் வித்தியாசம் நான்கே மதிப்பெண். பெட்டியின் நீளத்தில்தான் விஷயம் இருக்கிறது: ஒன்று 14, மற்றது 39. நடுவில் உள்ள பாதிப் பிள்ளைகள் முதல் பேட்சில் நெருக்கியடித்து நிற்கிறார்கள், இரண்டாவதில் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடக்கிறார்கள். இதைச் சராசரி சொல்லாது. முதல் பேட்சுக்கு 61 சொச்சம், இரண்டாவதுக்கு 64 சொச்சம் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே பாக்ஸ் பிளாட்டை நான் விடமாட்டேன்.

புதிதாக வரும் ஆசிரியர்கள் பெரிய பெட்டியைப் பார்த்ததும் அதற்குள் அதிகம் பேர் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். கோட்டுக்கு மேலே உள்ள பகுதி நீளமாக இருந்தால் அங்கே கூட்டம் அதிகம் என்றும் சொல்வார்கள். உண்மை அது இல்லை. பெட்டியின் இரு பகுதிகளிலும் ஏறக்குறைய கால் பங்குப் பிள்ளைகள்தான். நீளமான பகுதியில் அதே ஆட்கள் தள்ளித்தள்ளி நிற்கிறார்கள், அவ்வளவுதான். இது ஒரு தடவை சொன்னால் பிடிபட்டுவிடும்.

பிடிபடாத சிக்கல் தனித்தனி ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டர் சார் பைத்தானில் மேட்பிளாட்லிப் கொண்டு வரைவார். அவர் ஒருமுறை பேட்சுக்கு ஒரு படமாக இரண்டை அனுப்பினார். அந்த மென்பொருள், கொடுத்த எண்களுக்கு ஏற்ப அச்சைத் தானே நீட்டிச் சுருக்கிக்கொள்ளும். முதல் படத்தின் அச்சு 36 முதல் 80 வரை, இரண்டாவதன் அச்சு சுமார் 28 முதல் 96 வரை. விளைவு: முதல் பெட்டி தன் படத்தில் கால்வாசி உயரம், இரண்டாவது தன் படத்தில் பாதி உயரம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிதறல் இரண்டு மடங்கு என்று கண் சொல்கிறது. அவர் படத்தின் கணக்குப்படியே நீளங்கள் 11-உம் 35-உம், அதாவது மூன்று மடங்குக்கு மேல். அதனால் இப்போது எங்களுக்குள் ஒரே நிபந்தனை, இரண்டும் ஒரே அச்சில்:

```python
plt.boxplot([a, b])
plt.ylim(0, 100)
```

மேலே எக்செல் கணக்கில் 14, 39 என்றேன், இங்கே 11, 35 என்கிறேன். தட்டச்சுப் பிழை இல்லை. பெட்டியின் இரு விளிம்புகளான கால்மானங்களைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. எக்செல் வரைபடம் இயல்பாக `Exclusive median` என்ற முறையில் ஓடும். நடுவில் நிற்பவரை ஒதுக்கிவிட்டுக் கீழ்ப்பாதியின் நடுவை எடுத்தால் 55 வருகிறது. மேட்பிளாட்லிப் 55-க்கும் 58-க்கும் இடையில் பிரித்து 56.5 என்கிறது. மேலே 69-க்குப் பதில் 67.5. எக்செல்லிலேயே `Inclusive median` என்று மாற்றினாலும் இதே 56.5, 67.5 கிடைக்கும்.

ஒன்றரை மதிப்பெண்தானே என்று விட்டுவிட முடியாது. பெட்டியின் இரு விளிம்பிலிருந்தும் நீளும் கோடான மீசை எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பெட்டியின் நீளம்தான் தீர்மானிக்கிறது. புள்ளியியலாளர் ஜான் டூக்கி வைத்த விதிப்படி பெட்டி விளிம்பிலிருந்து ஒன்றரை மடங்கு நீளம் வரை. எக்செல்லில் 55-இலிருந்து 21 கழித்தால் எல்லை 34. அதனால் 38 எடுத்த பிள்ளை மீசையின் நுனியாக இருக்கிறான். மேட்பிளாட்லிப்பில் 56.5-இலிருந்து 16.5 கழித்தால் எல்லை 40. அதே பிள்ளை இப்போது தனியாக ஒரு வட்டமாக வெளியே நிற்கிறான், மீசை 52-லேயே நின்றுவிடுகிறது. ஒரே விடைத்தாள், ஒரே மதிப்பெண். ஒரு படத்தில் வகுப்போடு சேர்ந்தவன், இன்னொன்றில் விலகியவன். தலைமையாசிரியர் “என்ன சார், நேத்து அனுப்பின படத்துல இந்தப் புள்ளி இல்லையே?” என்று கேட்டதுக்குக் காரணம் இதுதான். சின்னக் குழு என்பதால்தான் இவ்வளவு ஆட்டம். நாற்பது பேர் வகுப்பில் இது பெரும்பாலும் கண்ணில் படாது.

மூல எண்கள் கையில் இல்லாமல் படம் மட்டும் வந்தால் பெயிண்ட்டில் திறந்து அளக்கிறேன். கர்சரை வைத்தால் கீழே பிக்சல் எண் தெரியும். ஒரு படத்தில் 0-வின் கோடு 640-இலும் 100-இன் கோடு 140-இலும் இருந்தது. அப்படியென்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 5 பிக்சல். முதல் பேட்சின் நடுக்கோடு 330-இல். 640-இலிருந்து கழித்து ஐந்தால் வகுத்தால் 62. இந்த அளவுப் படத்தில் அரை மதிப்பெண் பிழையோடு நம்பலாம். அதே படம் நாலு பேர் கை மாறி, கால்வாசியாகச் சுருங்கி வந்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு பிக்சல் சொச்சம்தான் மிஞ்சும். கோட்டின் தடிமனே இரண்டு பிக்சல் இருக்கும். அப்போது 62-ஆ 66-ஆ என்று பேசுவதே வீண். பெட்டிகளின் நீளத்தை மட்டும் ஒப்பிடுவேன். 14-க்கும் 39-க்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு மங்கிய படத்திலும் தெரியும்.

எனக்கு இன்னும் உறுத்தும் குறை வேறு. இரண்டாம் பேட்சின் 66-ஐ மறுபடி பாருங்கள். கீழே அடுத்தவர் 54, மேலே அடுத்தவர் 77. ஐந்து பேர் கீழே, ஐந்து பேர் மேலே, நடுவில் ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை எட்டு மதிப்பெண் கணக்கு ஒன்றை விட்டிருந்தால் இடைநிலை 58 ஆகி, முதல் பேட்ச் முந்தியிருக்கும். முதல் பேட்சில் நடுப்பிள்ளை அதே எட்டை விட்டாலும் இடைநிலை 62-இலிருந்து 60-க்கு மட்டுமே இறங்கும், ஏனென்றால் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. இந்த வெற்றிடம் பெட்டிக்குள் ஒளிந்துவிடுகிறது. படத்தைப் பார்ப்பவருக்கு 66 என்பது ‘இந்த பேட்சின் வழக்கமான பிள்ளை’ என்று தோன்றும். அப்படி ஒரு பிள்ளை அங்கே கிடையாது. இருப்பது இரண்டு கூட்டம்.

எக்செல்லில் இதற்கு வழி இருக்கிறது. பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து, `Format Data Series` போய், `Show inner points` என்பதை டிக் செய்தால் மீசை நுனிகளுக்கு இடையில் உள்ள ஒவ்வொரு மதிப்பெண்ணும் புள்ளியாக வரும். அதை வைத்துத்தான் அந்தத் தேர்வுக்குப் பிறகு கூடுதல் வகுப்புக்கு ஆள் பிரித்தோம். இடைநிலையை மட்டும் பார்த்திருந்தால் முதல் பேட்ச் முழுவதையும் உட்கார வைத்திருப்போம். கடைசியில் வரச் சொன்னது இரண்டாம் பேட்சில் 54-உம் அதற்குக் கீழும் எடுத்த ஐந்து பேரையும், முதல் பேட்சில் அந்த 38-ஐயும்தான்.